கலங்கல் மேட்டில் நின்றுபோகும் செய்தி

(அம்பத்தூரில் மழைக்காலத்துக்கு முன்பு நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஏரி நிரம்பி வழிவதைப் பார்க்காதவர்கள் இந்த அரங்கில் இருக்க முடியாது. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும், அது நிறைந்தால் ரெட்டேரிக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பிடித்தால், ஏரி கலங்கல் போகிறது என்று ஊரே கிளம்பிப் பார்க்கப் போகும். பையன்கள் வலையோடு கீழே இறங்கி நிற்பார்கள். பெரியவர்கள் கரையில் நின்று எவ்வளவு போகிறது என்று கண்ணால் மதிப்பிடுவார்கள். கலங்கல் என்ற நம் சொல்லையே அந்நாளைய சென்னை மாகாணத்து ஆங்கிலப் பொறியாளர்கள் 'காலிங்குலா' என்று தங்கள் ஏடுகளில் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கலங்கலின் மேல் ஓடும் நீரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கலங்கலுக்குக் கீழே, வாய்க்காலில் நீர்மட்டம் ஒரு சாண் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கலங்கலின் மேல் போகும் நீர் கூடுமா? இழுக்கும் பள்ளம் ஆழமானால் ஓட்டமும் கூடத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் கூடாது. ஒரு சொட்டுகூடக் கூடாது. கீழே நடந்தது மேலே தெரியாது. ஏன் தெரியாது என்பதற்கான விடை ஓர் அலையின் வேகத்தில் இருக்கிறது.

நீருக்குச் செய்தி சொல்வது அலை. ஒரு வாய்க்காலில் ஓரிடத்தில் பலகை வைத்து அடைத்தால், அந்தச் சேதி மற்ற இடத்துக்கு எப்படிப் போகிறது? பலகையின் முன்னால் நீர் கொஞ்சம் குவிகிறது. குவிந்த நீர் பக்கத்து நீரைத் தள்ளுகிறது, அது அடுத்ததைத் தள்ளுகிறது. இந்தக் குவியல் நகர்ந்து போவதுதான் அலை. அலை வந்து சேராத இடத்துக்குப் பலகை வைத்ததே தெரியாது. அங்கே தண்ணீர் பழையபடியே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த அலையின் வேகத்தை இரண்டு எளிய கணக்குகளிலிருந்து பெறலாம். அசையாத நீர் நிற்கும் ஒரு வாய்க்காலை எண்ணிக்கொள்ளுங்கள். ஆழம் h. ஒரு முனையில் வாய்க்காலின் அகலம் முழுவதையும் அடைக்கும் பலகை. அதை u என்ற சிறிய வேகத்தில் தள்ளுகிறோம். பலகைக்கு முன்னால் நீர்மட்டம் d அளவு உயர்கிறது. உயர்ந்த மட்டத்தின் முனை c என்ற வேகத்தில் ஓடுகிறது. ஒரு வினாடியில் பலகை தள்ளிய நீர் u × h. அந்த நீர் எங்கே போயிற்று? c நீளத்துக்கு d உயரமாகப் படர்ந்திருக்கிறது. ஆகவே u × h = c × d. இது முதல் கணக்கு. நீர் எங்கும் காணாமல் போகாது என்பதைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை.

இரண்டாவது, விசைக் கணக்கு. மட்டம் d உயர்ந்ததால், முனைக்கு இந்தப் பக்கத்து அழுத்தம் அந்தப் பக்கத்தைவிட ஆழம் முழுவதிலும் அதிகம். அந்த அதிக விசை g × h × d. இது ஒவ்வொரு வினாடியும் c நீளத்து நீரை, h ஆழம் முழுவதையும், சும்மா நின்ற நிலையிலிருந்து u வேகத்துக்குக் கொண்டுவருகிறது. அதாவது g × h × d = h × c × u. இரண்டு பக்கமும் h-ஐ நீக்கினால் g × d = c × u. முதல் கணக்கிலிருந்து u-வை எடுத்து இதில் வைத்தால் d-யும் நீங்கிவிடும். மிஞ்சுவது:

c = √(g h)

பலகையை எவ்வளவு தள்ளினோம் என்பது விடையில் இல்லை. அலை எவ்வளவு உயரம் என்பதும் இல்லை. அலை சிறியதாக இருக்கும்வரை ஆழம் ஒன்றுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 20 செ.மீ. ஆழத்தில் இந்த வேகம் வினாடிக்கு 1.4 மீட்டர், நாம் கைவீசி நடக்கும் வேகம். ஒரு மீட்டர் ஆழத்தில் 3.1 மீட்டர், மெதுவாக ஓடும் மனிதனின் வேகம். நான்கு மீட்டர் ஆழத்தில் 6.3 மீட்டர், சைக்கிளை அழுத்தி மிதிக்கும் வேகம்.

இதற்கு 'ஆழமற்ற நீர் அலை' என்று பெயர். பெயர் கொஞ்சம் ஏமாற்றும். இங்கே ஆழமற்றது என்றால் முழங்கால் அளவு என்று பொருளில்லை. அலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் ஆழம் சிறியது என்று பொருள். அலைநீளம் ஆழத்தைப்போல் இருபது மடங்காவது இருந்தால் இந்தச் சூத்திரத்தை நம்பலாம். 2004 டிசம்பர் 26 அன்று நம் கடற்கரைக்கு வந்த சுனாமியும் இந்த வகை அலைதான். வங்கக் கடலின் ஆழம் பல இடங்களில் மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அந்த அலையின் நீளம் நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. அதன் பார்வையில் வங்கக் கடல் ஓர் ஆழமற்ற குட்டை. மூவாயிரம் மீட்டர் ஆழத்தைச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 171 மீட்டர், மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் வரும். காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே தொடங்கிய நடுக்கத்தின் அலை, ஒன்பது மணி வாக்கில் மெரினாவில் இருந்தது.

இதற்கு மாறாக, குளத்தில் கல்லெறிந்தால் விரியும் வளையங்கள் ஆழமற்ற நீர் அலைகள் அல்ல. அவற்றின் நீளம் விரற்கடை அளவு, குளத்தின் ஆழமோ ஆள் உயரம். அவை அடித்தரையைத் தொடுவதேயில்லை, அதனால் ஆழம் அவற்றின் வேகத்தைத் தீர்மானிப்பதும் இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

இதுவரை நின்ற நீரைப் பற்றிப் பேசினோம். இனி நீரை ஓட விடுவோம். நீர் V வேகத்தில் ஓடுகிறது என்றால் கீழ்நோக்கிப் போகும் அலைக்கு V + c வேகம், மேல்நோக்கிப் போகும் அலைக்கு c − V வேகம். ஆற்றில் எதிர்நீச்சல் போடுபவனின் கணக்கேதான். V சிறியதாக இருந்தால், கீழே நடப்பது மெதுவாகவாவது மேலே போய்ச் சேரும். V பெரியதாக இருந்தால் எல்லாச் செய்தியும் அடித்துக்கொண்டு கீழேதான் போகும். இரண்டுக்கும் நடுவே, V சரியாக c-க்குச் சமமாக இருக்கும் நிலை ஒன்று உண்டு. எதிர்நீச்சல் போடுபவன் கைகால் அடித்துக்கொண்டே அதே இடத்தில் நிற்பதுபோல, அலை அங்கே நின்றுவிடும். இந்த நிலைக்குத்தான் மாறுநிலை ஓட்டம் என்று பெயர். V-யை c-ஆல் வகுத்து வரும் எண்ணுக்கு ஃபிரவுட் எண் என்று பெயர். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் மந்த ஓட்டம், ஒன்றானால் மாறுநிலை, ஒன்றுக்கு மேலே போனால் விரை ஓட்டம்.

இப்போது கலங்கலுக்கு வருவோம். ஒரு கலங்கல், 30 மீட்டர் நீளம். மேல்தளம் போதிய அகலமானது, அதனால் நீர் அதன்மேல் சிறிது தூரம் சமமாக ஓடிவிட்டுக் கீழே விழுகிறது. ஏரியில், கலங்கலுக்குச் சற்றுத் தள்ளி, நீர்மட்டம் கலங்கல் மேட்டைவிட 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஏரியில் நீர் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. கலங்கலை நெருங்கும்போது மட்டம் கொஞ்சம் தாழ்கிறது, தாழ்ந்த அளவு வேகமாக மாறுகிறது. உராய்வை இப்போதைக்கு விட்டுவிடுவோம். மேட்டின் மேல் நீர் எவ்வளவு ஆழத்தில் ஓடும்?

நாமே பல ஆழங்களை வைத்துப் பார்க்கலாம். மேட்டின் மேலும் 30 செ.மீ. ஆழமே இருந்தால் மட்டம் தாழவே இல்லை, வேகமும் இல்லை, எதுவும் போகாது. ஆழம் 25 செ.மீ. என்றால், தாழ்ந்த 5 செ.மீ. தரும் வேகம் வினாடிக்கு 0.99 மீட்டர். அப்படியானால் கலங்கலின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் வினாடிக்கு 248 லிட்டர் போகும். ஆழம் 20 செ.மீ. என்றால் வேகம் 1.40 மீட்டர், போவது 280 லிட்டர். இன்னும் தாழ்ந்து ஆழம் 15 செ.மீ. ஆனால் வேகம் 1.72 மீட்டர், ஆனால் போவது 257 லிட்டர்தான். 10 செ.மீ. ஆனால் வேகம் இரண்டு மீட்டரை நெருங்கும், போவதோ 198 லிட்டராகக் குறைந்துவிடும். வேகம் கூடிக்கொண்டே போகிறது, ஆழம் குறைந்துகொண்டே போகிறது. இரண்டின் பெருக்கம் ஓர் இடத்தில் உச்சம் தொடுகிறது. அது 20 செ.மீ., அதாவது ஏரி மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கு.

இனி இதே ஆழங்களில் அலை வேகத்தைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 25 செ.மீ. ஆழத்தில் அலை வேகம் 1.57 மீட்டர், நீரின் வேகத்தைவிட அதிகம். 15 செ.மீ. ஆழத்தில் 1.21 மீட்டர், நீரின் வேகத்தைவிடக் குறைவு. 20 செ.மீ. ஆழத்தில் அலை வேகம் 1.40 மீட்டர். நீரின் வேகமும் 1.40 மீட்டர். மிக அதிக நீர் போகும் ஆழமும், அலை மேலேற முடியாமல் நிற்கும் ஆழமும் ஒன்றே.

கல்லூரியில் இதைப் படிக்கும்போது வகைநுண்கணிதத்தால் நிறுவிக் காட்டுவார்கள். நிறுவல் சரிதான். ஆனால் இரண்டும் ஏன் ஒன்றாக வருகின்றன என்பதை எனக்கு அது சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு கலங்கலின் மேல் நின்றபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. அதை உங்களுக்குச் சொல்கிறேன்.

கலங்கலுக்குக் கீழே ஒரு பலகையை நிறுத்தி, மட்டத்தை ஏரி மட்டத்துக்கே உயர்த்தி வைத்திருக்கிறோம். எதுவும் ஓடவில்லை. பலகையைக் கொஞ்சம் இறக்குகிறோம். 'கீழே மட்டம் தாழ்ந்தது' என்ற செய்தி அலையாக மேட்டின்மேல் ஏறி ஏரிக்குப் போகிறது. ஏரி அதற்கேற்ப நீரை அனுப்புகிறது. இன்னும் இறக்கினால் இன்னொரு செய்தி போகிறது, இன்னும் அதிக நீர் வருகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் மேட்டின் மேல் நீர் வேகமாகிறது, ஆழமும் குறைகிறது. அதனால் அடுத்த செய்தி ஏறுவது கடினமாகிறது. ஒரு கட்டத்தில் நீரின் வேகம் செய்தியின் வேகத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்குமேல் பலகையை எவ்வளவு இறக்கினாலும், முழுவதும் எடுத்தே விட்டாலும், சேதி ஏரிக்குப் போகாது. சேதி போகாததால் ஏரி கூடுதலாக அனுப்பவும் போவதில்லை. அதனால்தான் அங்கே ஓட்டம் உச்சத்தில் நிற்கிறது. முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுவே.

கீழே நடப்பது மேலே தெரியாததால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. ஏரி மட்டம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போகும் நீர் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். மேலே பார்த்த கணக்கைச் சுருக்கினால்:

Q = 1.7 × L × H^1.5

L கலங்கலின் நீளம், H மேட்டுக்கு மேல் ஏரி மட்டத்தின் உயரம், இரண்டும் மீட்டரில். நம் கலங்கலில் 30 மீட்டருக்கும் 0.3 மீட்டருக்கும் வருவது வினாடிக்கு 8.4 கன மீட்டர், பழைய கணக்கில் ஏறக்குறைய 300 கன அடி. உராய்வாலும் முனைகளின் வடிவத்தாலும் உண்மையில் சில விழுக்காடு குறையும். மேல்தளம் அகலமில்லாமல் மெல்லிய சுவராக இருந்தால் நீர் வளைந்து விழும், அப்போது 1.7 என்ற எண்ணே மாறும். ஆனால் அடிப்படை மாறாது. ஏரியின் ஓர் ஓரத்தில் நட்டிருக்கும் அளவுகோல் ஒன்று, ஓர் ஆற்றை அளக்கும் கருவியாகிவிடுகிறது.

அந்த அளவுகோல் எங்கே இருக்கிறது என்பதில்தான் தவறு நேரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்தேன். ஒரு மழைநாளில், குடை பிடிக்க ஆள் இல்லாமல், ஏரிக்குள் தள்ளி நட்டிருந்த அளவுகோலைப் படிக்க இறங்கத் தயங்கி, கலங்கலின் மேலேயே ஸ்கேலை ஊன்றி ஆழத்தை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். 20 செ.மீ. அதையே H என்று சூத்திரத்தில் போட்டேன். என் மேலதிகாரி குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, ஏரி மட்டத்துக்கும் இந்தக் கணக்குக்கும் பொருந்தவில்லையே தம்பி, எங்கே நின்று எடுத்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, கையோடு அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். மேட்டின் மேல் மட்டம் ஏற்கெனவே தாழ்ந்துவிட்டது. உண்மையான H 30 செ.மீ. நான் எழுதிய கணக்கு, போன நீரில் பாதியை மட்டுமே சொன்னது. அளவுகோல் கலங்கலிலிருந்து H-ஐப்போல் மூன்று நான்கு மடங்கு தூரமாவது ஏரிக்குள் தள்ளியிருக்க வேண்டும். அங்கேதான் நீர் இன்னும் தாழத் தொடங்கியிருக்காது. கலங்கலின் விளிம்பிலேயே, நீர் கீழே விழும் இடத்தில், ஸ்கேலை வைத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். அங்கே ஆழம் மாறுநிலை ஆழத்தைவிடவும் குறைந்து, 14 செ.மீ. அளவில்தான் இருக்கும். விழப்போகும் நீர் விளிம்புக்கு முன்பே வளையத் தொடங்கிவிடுவதால் அப்படி.

இன்னொரு தவறு மாணவர்கள் செய்வது. ஓடும் நீரில் விரலை வைத்து, விரலுக்கு மேற்புறம் சிற்றலைகள் நிற்கின்றன, ஆகவே இது மாறுநிலை என்று சொல்லிவிடுவார்கள். விரலுக்கு முன் நிற்கும் மெல்லிய கோடுகள் ஆழமற்ற நீர் அலைகள் அல்ல, பரப்பு இழுவிசையால் ஓடும் நுண்ணலைகள். நீர்ப்பரப்பில் ஓடும் சிற்றலைகளில் மிக மெதுவானதற்கு வினாடிக்கு 23 செ.மீ. வேகம். நீர் அதைவிட வேகமாக ஓடினாலே விரலுக்கு முன் கோடுகள் நிற்கும், ஆழம் ஒரு முழமானாலும் இரண்டு ஆளானாலும் சரி. அவற்றுக்கு ஏரி மட்டத்தை மாற்றும் வலுவும் இல்லை, சிறிது தூரத்தில் அடங்கிவிடும். ஈர்ப்பால் ஓடும் அலைகளில் நீளமானவைதான் வேகமானவை, √(g h) அவற்றின் உச்ச வேகம். அந்த வேகத்தையே நீர் தொட்டுவிட்டால் மற்றக் குட்டை அலைகள் எல்லாம் முன்பே தோற்றுப்போயிருக்கும். சோதிக்க வேண்டுமானால் விரல் போதாது, அகலமான பலகையை மெதுவாக இறக்கிப் பார்க்க வேண்டும். ஏரிப்பக்கத்து மட்டம் அசைந்தால் செய்தி ஏறுகிறது என்று பொருள்.

கலங்கலைத் தாண்டி விழும் நீர் விரை ஓட்டமாகக் கீழே பாய்கிறது. அடியில் வாய்க்கால் சமதளம், அங்கே நீர் மந்தமாகத்தான் ஓட முடியும். வாய்க்காலிலிருந்து மேல்நோக்கி வரும் செய்திகள் எல்லாம் விரை ஓட்டத்தின் எல்லையில் வந்து முட்டி நிற்கின்றன. அடுத்தடுத்து வந்து முட்டுபவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நுரையும் இரைச்சலுமாக ஒரு சுவர்போல் எழும்புகின்றன. கலங்கலின் அடியில் வெள்ளையாகப் புரளுவது அதுதான், நீர்த்தாவல் என்பார்கள். வீட்டில் தட்டைக் கவிழ்த்துக் குழாயின் கீழே பிடித்தால், நீர் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய வழவழப்பான வட்டமும், அதற்கு வெளியே தடித்த வரம்பும் தெரியும். அதுவும் இதே குடும்பம், அங்கே நீர் மிக மெல்லியது என்பதால் பரப்பு இழுவிசையும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது கவலைக்குரிய இடத்துக்கு வருகிறேன். கீழே உள்ள வாய்க்கால் குப்பையாலும் ஆகாயத்தாமரையாலும் அடைபட்டு, கலங்கலுக்குக் கீழே மட்டம் உயர்ந்துகொண்டே வந்தால் என்ன ஆகும்? கலங்கல் மேட்டைவிடத் தாழ்வாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. மேட்டைத் தாண்டிக் கொஞ்சம் ஏறினாலும் ஒன்றும் ஆகாது. ஏரி மட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கை, நம் கணக்கில் 20 செ.மீ.யை, அது தாண்டும் வாக்கில் கதை மாறும். மேட்டின் மேல் ஆழம் மாறுநிலையைவிட அதிகமாகும், அலை வேகம் நீரின் வேகத்தை வெல்லும், கீழே அடைபட்ட செய்தி ஏரிக்குப் போய்விடும். அதே நீர் போக வேண்டுமானால் ஏரி மட்டம் உயர்ந்தாக வேண்டும். கரை அந்த உயரத்தைத் தாங்குமா என்பது அப்போதுதான் கேள்வியாகும்.

கலங்கல் இப்படி மூழ்கிவிட்டதைக் கரையில் நின்றே கண்டுகொள்ளலாம். முதலில் இரைச்சல் அடங்கும். வெள்ளையாகப் புரண்ட நீர்த்தாவல் மறையும். மேட்டின்மேல் மட்டம் பளிச்சென்று தாழ்ந்து தெரிந்தது போய், ஏரியிலிருந்து வாய்க்கால்வரை ஒரே சமமாகச் சிறு அலைகளோடு தெரியும். பார்ப்பவர்கள் வெள்ளம் தணிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போவார்கள். உண்மையில் அது ஏரி கீழேயுள்ள அடைப்பைக் கேட்கத் தொடங்கிய நேரம். அப்போது சூத்திரத்தில் ஏரி மட்டத்தைப் போட்டால் போகும் நீர் உண்மையைவிட அதிகமாக வரும். அந்த எண்ணை நம்பிக் கீழே உள்ளவர்களுக்கு எச்சரிக்கை சொல்வதும் தவறாகும், மேலே உள்ளவர்களுக்கு ஆறுதல் சொல்வதும் தவறாகும்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் தரை கிட்டத்தட்டத் தட்டையானது. இங்கே வாய்க்கால் எல்லாம் மந்த ஓட்டம்தான். அதாவது எல்லாமே கீழே நடப்பதைக் கேட்டுக்கொண்டு ஓடுபவை. மலையடிவார ஓடையில் ஓரிடத்தில் அடைத்தால் தொல்லை பெரும்பாலும் அங்கேயே. இங்கே ஓரிடத்தில் அடைத்தால் தொல்லை மேலே உள்ள தெருக்களுக்குப் போகும். ஒரு கணக்குப் பார்ப்போம். மூன்று மீட்டர் அகல வாய்க்கால், ஆழம் 1.2 மீட்டர், நீர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அலை வேகம் 3.4 மீட்டர். ஆகவே கீழிருந்து வரும் முதல் சேதி வினாடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் மேலேறும், ஒரு கிலோமீட்டரை ஏழு நிமிடத்தில் தாண்டிவிடும்.

அந்த வாய்க்காலின் குறுக்கே சாலைக்காக ஒரு சிறுபாலம். அதன் கண்ணை இரண்டு மீட்டராகக் குறுக்கினால் என்ன ஆகும்? மேலே மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், கண்ணுக்குள் நீர் கொஞ்சம் தாழ்ந்து வேகமாகப் போய்விடும். ஒன்றரை மீட்டராகக் குறுக்கினால் கண்ணுக்குள் ஓட்டம் சரியாக மாறுநிலையைத் தொடும். மேலே இருக்கும் ஆழத்தால் அந்த இடுக்கில் தள்ள முடிந்த அதிகபட்ச நீர் அவ்வளவே. அதற்கும் குறைவாக, ஒரு மீட்டராகக் குறுக்கினால், அதே நீர் போக மேலே மட்டம் உயர்வதைத் தவிர வேறு வழியில்லை. கணக்கு 1.62 மீட்டர் ஆழம் கேட்கிறது, அதாவது 42 செ.மீ. உயர்வு. வாய்க்காலின் சரிவு இரண்டாயிரத்துக்கு ஒன்று என்றால் இந்த உயர்வு மேல்நோக்கி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று முன்பின்னாகத் தெரியும். பாலத்துக்குக் கீழ்ப்புறம் நிற்பவருக்குப் பாதிப்பு தெரியாது, நான்கு தெரு தள்ளி ஒருவர் வீட்டு வாசல்படி நனையும். மூன்று மீட்டரை ஒன்றரை ஆக்கும்வரை ஒன்றும் ஆகவில்லையே என்ற நம்பிக்கைதான் இதில் ஆபத்து. இடுக்கு மாறுநிலையைத் தொடும்வரை மேலே அடையாளமே தெரியாது, தொட்ட பிறகு ஒவ்வொரு சாணும் மேலே மட்டமாக ஏறும். பாலத்தின் கீழே தொங்கும் குடிநீர்க் குழாயில் சிக்கிய துணிமூட்டை ஒன்றே அந்தக் கடைசிச் சாணாக இருக்க முடியும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி அடையாற்றில் போனது. அந்த வெள்ளம் நகரத்துக்கு வந்துசேரும் நேரத்தை √(g h) கொண்டு கணக்கிடக் கூடாது. நான்கு மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடும் ஆற்றில், முதல் மெல்லிய சேதி கீழ்நோக்கி வினாடிக்கு எட்டு மீட்டர் அளவில் ஓடும். ஆனால் அது வழியிலேயே உராய்வால் தேய்ந்துவிடும். வெள்ளத்தின் பெரும்பகுதி நீரின் வேகத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், வினாடிக்கு இரண்டரை மீட்டர் அளவில்தான் நகரும். இருபது கிலோமீட்டருக்கு முதல் வேகம் முக்கால் மணி நேரத்தைச் சொல்லும், மற்றது இரண்டு மணிக்கு மேல் சொல்லும். அலைக்குப் பல வேகங்கள் உண்டு. எந்தக் கேள்விக்கு எந்த வேகம் என்று முதலில் தெளிய வேண்டும்.

மாணவர்கள் பலர் வந்திருப்பதால் பூண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே மாநில அரசின் நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அணைகளையும் கலங்கல்களையும் சிறிய அளவில் மாதிரி கட்டி, நீர் விட்டுப் பார்க்கும் இடம். மாதிரியில் எவ்வளவு நீர் விட வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்வது? பதினெட்டாம் நூற்றாண்டில் லக்ராஞ்சு கண்ட அலை வேகமும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துப் பார்த்த வில்லியம் ஃபிரவுடின் பெயர் தாங்கிய எண்ணும் இங்கே வேலைக்கு வருகின்றன. மாதிரியிலும் எங்கே செய்தி மேலேறுகிறதோ, எங்கே நின்றுபோகிறதோ, அதெல்லாம் உண்மை அணையில் நடப்பதுபோலவே நடக்க வேண்டும். அதற்கு நீரின் வேகமும் அலையின் வேகமும் ஒரே விகிதத்தில் சுருங்க வேண்டும். 36-இல் ஒரு பங்காக மாதிரி கட்டினால் ஆழம் 36-இல் ஒன்று. அலை வேகம் அதன் வர்க்கமூலம், ஆறில் ஒன்று. ஆகவே நீரின் வேகத்தையும் ஆறில் ஒன்றாக்க வேண்டும். ஆழமும் அகலமும் வேகமும் சேர்ந்து, போகும் நீர் 7,776-இல் ஒரு பங்காகும். 29,000 கன அடி வெள்ளம் அந்த மாதிரியில் வினாடிக்கு நூறு லிட்டருக்குச் சற்று மேல். உண்மையில் ஒரு மணி நேரம் நடப்பது அங்கே பத்து நிமிடத்தில் நடந்து முடியும்.

இதற்கும் எல்லை உண்டு. ஆழம் சுருங்கும், பரப்பு இழுவிசையோ பிசுபிசுப்போ அதே விகிதத்தில் சுருங்காது. மாதிரிக் கலங்கலின்மேல் நீர் இரண்டு மூன்று செ.மீ.க்குக் கீழே போய்விட்டால், சற்றுமுன் சொன்ன நுண்ணலைகளின் ராஜ்யம் அங்கே தொடங்கிவிடும். அங்கே நின்று எடுத்த அளவை ஏரிக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது. அதனால்தான் அங்குள்ள மாதிரிகள் மேசை மேல் வைக்கும் அளவில் இருப்பதில்லை, நீங்கள் உள்ளே இறங்கி நடக்கும் அளவில் இருக்கின்றன. வரும் மழைக்கு முன் ஒருமுறை திருவள்ளூர் வழியாகப் போய்ப் பாருங்கள். மழை வந்ததும் நம் கலங்கலுக்கு வாருங்கள். ஏரிக்குள் தள்ளி நட்ட அளவுகோலை ஒருவர் படிக்கட்டும், மேட்டின் நடுவில் ஒருவர் கயிறு கட்டிய ஸ்கேலை இறக்கட்டும். இரண்டு எண்ணுக்கும் நடுவே மூன்றுக்கு இரண்டு வருகிறதா என்று கரையிலிருந்து மூன்றாமவர் கணக்குப் போடட்டும்.